இருட்டடிப்பும் இல்லாத இருட்டும்

கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி மண்ணுக்குள் புதையுண்டவர்களை நினைவுகூர்ந்து பதுளைத் தோட்டத்து நண்பர் ஒருவர் முகநூலில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது விருப்பங்கள்கூட விழவில்லை. உடனே தீர்ப்பு வந்துவிடும்: "மலையகத்தான் என்பதால் ஷேடோபேன் செய்துவிட்டார்கள்."

இந்தத் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. ஒருவர் முகநூலைத் திறக்கும்போது அவருக்காகச் சராசரியாக 1,500 பதிவுகள் காத்திருப்பதாகவும், அவற்றில் சுமார் 300 மட்டுமே காட்டப்படுவதாகவும் 2014இல் அந்நிறுவனமே சொன்னது. எதை முன்னே வைப்பது என்பதை, அவர் இதுவரை யாருடைய பதிவில் நின்றார், யாருக்குப் பதில் எழுதினார் என்பதை வைத்தே கணினி ஊகிக்கிறது. நண்பர் பட்டியலில் ஐயாயிரம் பேர் இருந்தும் ஆண்டு முழுவதும் ஒருவரோடும் பேசாதவரின் பதிவு பின்னுக்குப் போவதற்குத் தடையுத்தரவு தேவையில்லை.

அதோடு, "உண்மைத் தமிழன் என்றால் பகிர்" என்று முடிக்கிறோம். இப்படிக் கெஞ்சியோ மிரட்டியோ பகிர்வு கேட்கும் பதிவுகளைக் கீழிறக்குவோம் என்று 2017 டிசம்பரிலேயே முகநூல் வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அதைப் படிக்காத நாம், "26 நண்பர்களுக்கு மட்டுமே காட்டுகிறார்கள், இதை வெட்டி ஒட்டுங்கள்" என்ற புரளியை நம்புகிறோம். அப்படி ஒரு வரம்பு கிடையாது என்று 2019இல் அந்நிறுவனம் மறுத்த பிறகும் அது ஓயவில்லை.

அப்படியானால் இருட்டடிப்பே கிடையாதா? உண்டு. டிக்டாக்கின் உள்வழிகாட்டி ஒன்றை 2020 மார்ச்சில் 'தி இன்டர்செப்ட்' வெளியிட்டது. சேரிகள், வயல்கள், பாழடைந்த வீடுகள், சுவரில் விரிசல் ஆகியவை பின்னணியில் தெரியும் காணொளிகளைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது அது. கிராமத்து இயற்கை அழகுக்கு மட்டும் விலக்கு! அவற்றில் பெரும்பாலானவை இப்போது பயன்பாட்டில் இல்லை, சில நடைமுறைக்கே வரவில்லை என்று நிறுவனம் விளக்கமளித்தது. ஆயினும் அந்த விதியை ஊவாவில் பொருத்திப் பாருங்கள்: எல்ல ஒன்பது வளைவுப் பாலம் தேறும், அதே மலையின் லயத்து அறை தேறாது. வழக்காட வேண்டிய அநீதி இதுதான்.

இரண்டையும் பிரித்தறிய வழியுண்டு. ஒரு பதிவை வைத்து முடிவு செய்யாமல், ஒரே வகையான கடைசிப் பத்துப் பதிவுகளை ஒப்பிடுங்கள். பார்த்தவர்களில் பின்தொடர்வோர் எத்தனை, புதியவர் எத்தனை என்று புள்ளிவிவரப் பக்கத்தில் பாருங்கள். பின்தொடர்வோர் வழக்கம்போல் இருக்க, புதியவர் மட்டும் ஒரே நாளில் அற்றுப்போய், பின்வந்த பதிவுகளிலும் அதே நிலை தொடர்ந்தால் சந்தேகிக்கலாம். கணக்கின் நிலைப் பக்கத்தில் எச்சரிக்கை இருந்தால் மேன்முறையீடு செய்யுங்கள். அங்கே எதுவும் இல்லாமல், இரு தரப்பும் சேர்ந்தே மெல்லக் குறைந்திருந்தால், வாசகர்தாம் நகர்ந்துவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் இருட்டடிப்பு என்று கூவினால், உண்மையில் நம் லயத்தை மறைக்கும்போது நம்மை நம்ப ஒருவரும் இருக்கமாட்டார்கள்.