'இதோ, இங்கே' என்றால் எங்கே?

போன நவம்பரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். கண் நீர் அழுத்தத்தால் பார்வை போய் ஆறு வருடம் ஆகிறது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வசதியோடு செல்பேசியை அவரே இயக்குவார். அன்று, உயிர்வாழ் சான்றிதழை வீட்டிலிருந்தே அனுப்புவது எப்படி என்று ஒரு காணொளியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதோ, இங்கே தொடுங்கள். அடுத்து இப்படிச் செய்யுங்கள். சந்தேகம் வந்தால் திரையில் தெரியும் எண்ணில் பேசுங்கள்."

அவருக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. சான்றிதழ் போகாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும்.

பிறகு எங்கள் ஓய்வூதியர்களுக்காக அதே விஷயத்தை நானே எழுதிப் பார்த்தேன். முதலில் "கீழே இருக்கும் நீலப் பொத்தானைத் தொடுங்கள்" என்று எழுதினேன். நண்பர் சிரித்தார். "டாக்பேக் நிறத்தைச் சொல்லாதே ஐயா, பெயரைத்தான் சொல்லும்" என்றார். மாற்றினேன்: "மூன்று பெட்டிகள் வரும். ஆதார் எண், செல்பேசி எண், மின்னஞ்சல். நிரப்பியதும் Submit என்ற பொத்தானைத் தொடுங்கள். அது கீழே இருக்கிறது." பெயர் முதலில், இடம் பின்னால். பார்வை உள்ளவருக்கும் இதுவே வசதி. அவரும் தன் கையிலுள்ள செல்பேசியைத்தான் பார்ப்பார், காணொளியை அல்ல.

தொலைபேசி எண்ணுக்கு என் பள்ளிக்கூடம் கைகொடுத்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வாத்தியார் 'டிக்தே' சொல்லும்போது முதலில் முழுவதும் வாசிப்பார். பிறகு துண்டு துண்டாக, எழுத நேரம் விட்டு. கடைசியில் மறுபடி முழுவதும். எண்ணையும் அப்படியே வாசிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை. பேசுபவரின் சட்டை, பின்னாலுள்ள சுவர் இவற்றைச் சொல்லப்போனால் பார்ப்பவருக்குச் சலிப்பு, கேட்பவருக்கோ எது முக்கியம் என்ற குழப்பம். தெரியாவிட்டால் வேலை நின்றுபோகும் என்பதை மட்டும் சொன்னால் போதும். அதையும் செய்கைக்கு முன்பே சொல்லி, செய்து முடிக்கச் சற்று மௌனம் விட வேண்டும்.

ஓரிடத்தில் சொல் தோற்கும். முகத்தைத் திரையிலுள்ள வட்டத்துக்குள் சரியாகக் கொண்டுவருவதை எந்த வர்ணனையும் செய்துதராது. ஆகவே, "முகத்தைப் படமெடுக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்" என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட்டேன்.

எழுதி முடித்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, மனைவியை வாசிக்கச் சொல்லி, கேட்டபடியே செல்பேசியில் செய்து பார்த்தேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். இரண்டிலும் 'இது' என்ற சொல் ஒளிந்திருந்தது.

இப்படிக் காணொளி தயாரிப்பவர்கள் பதிவு செய்வதற்கு முன் ஒரு தடவை சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.