"ஞாபகமில்லையே" என்றால்…

யாழ்ப்பாணம் முற்றவெளியில் வர்த்தகக் கண்காட்சி. கொழும்புக் கடை முதலாளி ஒருவர் எனது புழுக்கொடியலைச் சுவைத்துவிட்டு, "கால் கிலோப் பைக்கற்றாகத் தரலாமா?" என்றார். அவர் தந்த விசிற்றிங் காட்டின் பின்பக்கத்தில் அந்தக் கேள்வியையும் கிழமையையும் உடனே எழுதிவைத்தேன்.

நான்கு நாள் கழித்து, குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்தபடி அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"யாரம்மா? ஞாபகமில்லையே."

நெஞ்சு சுருங்கியது. ஆனாலும் சகோதரிகளே, அவர் அன்று எத்தனை பேரைக் கண்டிருப்பார்! என் பெயரைத் திரும்பச் சொல்லவில்லை. காட்டைப் பார்த்து, "சனிக்கிழமை பின்னேரம் புழுக்கொடியல் சாப்பிட்டு, கால் கிலோப் பைக்கற் கேட்டீங்கள், ஐயா" என்றேன்.

"ஓ, அதுவா!"

விலை பேசவில்லை. "அதே அளவில் இரண்டு பைக்கற் மாதிரிக்கு அனுப்பட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். அனுப்பும்போது விலையையும், மாதம் எத்தனை பைக்கற் தரமுடியும் என்பதையும் எழுதி வைத்தேன். பத்து நாளாகியும் பதிலில்லாவிட்டால் ஒருமுறை கேட்பேன். அதன்பின் அடுத்த கடை.