தொழுவத்துக்கு எந்தச் செருப்பு ஏற்றது?

கேள்வி: "எங்களிடம் இரண்டு கறவை மாடுகள் உள்ளன. தொழுவத்தின் சிமென்ட் தரையைக் கழுவும்போது அம்மா இரண்டு முறை வழுக்கி விழுந்துவிட்டார். மெத்தென்று இருக்கும் என்று ஃபோம் செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தோம். அதையே காட்டுக்கும் போட்டுச் செல்கிறார். அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. ரப்பர், ஃபோம், பிளாஸ்டிக் இவற்றில் எதை வாங்கலாம்?"

- ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்.

பதில்: முதலில் அந்த ஃபோம் செருப்பைத் தொழுவத்துக்கும் காட்டுக்கும் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஃபோம் என்பது உள்ளே சிறு சிறு காற்றுக் குமிழ்கள் நிறைந்த பொருள். அதனால்தான் எடை குறைவாகவும் மெத்தென்றும் இருக்கிறது. நாள்பட நாள்பட உடல் எடையில் குமிழ்கள் நசுங்கி, குதிகால் பக்கம் மெலிந்துவிடும். அடிப்பக்க வரிகளும் சீக்கிரம் தேயும். வரி தேய்ந்த செருப்பு, சாணமும் நீரும் கலந்த தரையில் சறுக்கத்தான் செய்யும். வெயிலில் காயவைத்தால் சுருங்கிப்போவதும் உண்டு. வீட்டுக்குள் போட்டுக்கொள்ள மட்டும் அது நல்லது.

பிளாஸ்டிக் செருப்பு விலை குறைவு, கழுவுவதும் எளிது. ஆனால் ஈரமான வழவழப்புத் தரையில் பிடிமானம் குறைவு. பழசானால் விறைத்து, மடங்கும் இடத்தில் வெடிக்கும். காலில் வியர்வையும் தங்கும்.

ரப்பர் சற்று கனம்தான். ஆனால் அது தரையின் சொரசொரப்போடு ஒட்டிப் பதிவதால் ஈரத்திலும் பிடிக்கும். எனவே தொழுவத்துக்கு, ஆழமான வரியுள்ள, பின்வார் வைத்த ரப்பர் செருப்பே சரி. டீசல், எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும். உடனே சோப்பு போட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பாசி படிந்த தரையில் எந்தச் செருப்பும் வழுக்கும். பாசியைத் தேய்த்து எடுத்து, தரையில் கோடு கீறிவிடுங்கள்.

அடுத்தது காடு. உங்கள் பகுதியில் சீமைக் கருவேல முள் அதிகம். அது ஃபோமை எளிதில் துளைத்துவிடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் முள் குத்தியதே தெரியாது; சின்னக் காயம் பெரிய புண்ணாகிவிடும். இவர்களுக்கென்றே எம்.சி.ஆர். செருப்பு இருக்கிறது. மேலே மென்மையான ரப்பர், கீழே கெட்டியான ரப்பர் அடித்தட்டு. ஆணி அடிக்காமல் ஒட்டித் தைத்ததாகப் பார்த்து, மருத்துவரிடம் அளவு கேட்டு வாங்குங்கள். ஆக, அம்மாவுக்கு இரண்டு ஜோடி தேவை.

மாதம் ஒருமுறை செருப்பைத் திருப்பிப் பாருங்கள். குதிகால் பக்கம் வரி மறைந்திருந்தாலோ, கட்டை விரலால் அழுத்திய பள்ளம் எழும்பாமல் நின்றாலோ மாற்றிவிடுங்கள். அடியில் முள் முறிந்து நின்றால் உடனே பிடுங்குங்கள். தினமும் இரவில் அம்மாவின் பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.