பெர்கெல்மிர் நூஹ் நபியின் சாட்சியல்ல

நூஹ் (அலை) அவர்கள் காலத்துப் பெருவெள்ளத்தை உலகின் எல்லாச் சமூகங்களும் நினைவில் வைத்திருக்கின்றன என்று நிறுவ முயலும் உரைகளும் காணொளிகளும் நம்மிடையே பெருகியிருக்கின்றன. அவற்றில் அண்மைக்காலமாக ஒரு புதிய பெயர் இடம்பெறத் தொடங்கியுள்ளது. ஸ்காண்டிநேவிய மக்களின் பழங்கதையில் வரும் பெர்கெல்மிர் என்பது அப்பெயர். வெள்ளத்தில் எல்லோரும் மூழ்கிய வேளையில் இவன் மட்டும் தன் மனைவியோடு மரக்கலம் ஏறித் தப்பினானாம். ஆகவே வட ஐரோப்பாவின் பனிப்பிரதேசமும் நூஹ் நபிக்குச் சாட்சி சொல்கிறதாம். கேட்பவர்கள் சுப்ஹானல்லாஹ் என்கிறார்கள். இந்தச் சாட்சியை ஏற்கலாகாது என்பதே நம் நிலைப்பாடு. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வெள்ளம் எதனால் ஆனது என்பதை உரையாற்றுவோர் சொல்வதில்லை. அது மழைநீரன்று, ஊற்றுநீருமன்று, இரத்தம். கொல்லப்பட்ட ஓர் ஆதி அரக்கனின் உடலிலிருந்து பீறிட்ட இரத்தம்.

கதை இதுதான். ஆதியில் வெறும் பிளவு ஒன்றே இருந்தது. அதன் வடக்கே உறைபனி, தெற்கே நெருப்பு. பனி உருகிச் சொட்டிய துளிகளிலிருந்து இமிர் என்னும் அரக்கன் உருவானான். அவனிடமிருந்து பனி அரக்கர் குலம் பெருகியது. அதே பனியிலிருந்து தோன்றிய அவுதும்லா என்னும் பசுவின் பாலே அவனுக்கு உணவு. அந்தப் பசுவோ உப்புக் கரிக்கும் பனிப்பாறைகளை நக்கி உயிர் வாழ்ந்தது. நக்க நக்க, மூன்று நாட்களில் பாறைக்குள்ளிருந்து ஒருவன் வெளிப்பட்டான். அவனுடைய பேரப்பிள்ளைகளே ஓடின், விலி, வே என்னும் மூன்று தேவர்கள். இம்மூவரும் சேர்ந்து இமிரைக் கொன்று அவன் உடலைக் கூறுபோட்டு உலகைச் சமைத்தார்கள். சதை நிலமாயிற்று, எலும்புகள் மலைகளாயின, பற்கள் கற்களாயின, இரத்தம் கடலாயிற்று. மண்டையோட்டைக் கவிழ்த்து வானமாக்கினார்கள். மூளையை எறிந்து மேகமாக்கினார்கள். புருவ மயிரைக் கொண்டு மனிதர் வாழும் நிலப்பகுதிக்கு வேலியிட்டார்கள்.

இப்படி ஓர் ஆதி உடலைப் பிளந்து உலகைச் செய்யும் கதை பல இடங்களில் உண்டு. பாபிலோனியரின் கதையில் மர்துக் தியாமத்தை வென்று, அவள் உடலை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை வானமாக்குகிறான். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் புருஷன் தேவர்களால் வேள்வியில் பலியிடப்படுகிறான். ஆனால் இமிர் பலியிடப்பட்டதாக எந்த மூலமும் சொல்லவில்லை. அவன் கொல்லப்பட்டான், அவ்வளவுதான். அது பலியே என்பது இக்கதைகளை ஒப்பிட்டுப் பார்த்த பிற்கால அறிஞர்களின் ஊகம். ஒரு கதையில் இருப்பதை இன்னொன்றின்மேல் ஏற்றிப் படிக்கும் இப்பழக்கம்தான் பெர்கெல்மிர் விஷயத்திலும் நம்மைத் தவறான வழியில் இட்டுச் சென்றிருக்கிறது.

இனி ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத் தந்த கேள்வியைக் கேட்போம்: இச்செய்தியை அறிவித்தவர் யார்?

அறிவித்தவர் ஐஸ்லாந்து நாட்டைச் சேர்ந்த ஸ்னோரி ஸ்டுர்லுசன். 1179 முதல் 1241 வரை வாழ்ந்தவர். அரசியல் செல்வாக்கு மிக்கவர், சிறந்த கவிஞர், கிறிஸ்தவர். ஐஸ்லாந்து ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்றுவிட்டது. ஸ்னோரி தமது எட்டா என்னும் நூலை எழுதியது அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், 1220-ஐ ஒட்டிய காலத்தில். இளம் கவிஞர்கள் பழைய செய்யுளின் உவமைகளை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே பழங்கதைகளைத் தொகுத்தார். கடலை இமிரின் இரத்தம் என்று ஒரு புலவன் பாடினால் அது புரிய வேண்டுமல்லவா? நல்ல நோக்கம்தான். அவர் மீது நமக்குக் குறை ஏதுமில்லை. ஆனால் அந்த நூலின் முன்னுரை எப்படித் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள்: இறைவன் வானத்தையும் பூமியையும் படைத்ததையும், ஆதமையும் ஹவ்வாவையும், அதன்பின் நூஹின் வெள்ளத்தையும் சொல்லித்தான் தொடங்குகிறது. அதாவது பெர்கெல்மிரின் வெள்ளத்தை நாம் வாசிக்கும் அதே நூல், நூஹின் வெள்ளத்தை முன்னரே அறிந்திருக்கிறது. எந்தச் செய்திக்குச் சாட்சி தேடுகிறோமோ, அந்தச் செய்தியை ஏற்கெனவே செவியுற்றவரையே சுதந்திரமான சாட்சி என்று கூண்டில் ஏற்றியிருக்கிறோம்.

இதோடு முடிந்திருந்தால், ஐயத்திற்குரியது என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் நல்வாய்ப்பாக, ஸ்னோரி தமக்கு ஆதாரமான பழஞ்செய்யுளையே எடுத்துக்காட்டியிருக்கிறார். வஃப்த்ரூத்னிர் என்னும் அரக்கனோடு ஓடின் நடத்தும் அறிவுப் போட்டியைப் பற்றிய பாடல் அது. ஸ்னோரியின் நூலில் மட்டுமன்றி, 1270-களில் எழுதப்பட்ட தனிச் சுவடி ஒன்றிலும் அப்பாடல் காக்கப்பட்டிருக்கிறது. செய்யுள் என்பதால் யாப்பு அதன் சொற்களை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. நம் வழக்கில் சொன்னால், இச்செய்யுள் மத்ன்; ஸ்னோரியின் உரைநடை அதற்கு அவர் எழுதிய ஷரஹ்.

மத்னில் என்ன இருக்கிறது? உனக்கு நினைவிருக்கும் மிகப் பழைய செய்தி எது என்று ஓடின் கேட்கிறான். பூமி உருவாக்கப்படுவதற்கு எண்ணற்ற ஆண்டுகள் முன்பே பெர்கெல்மிர் பிறந்துவிட்டான் என்றும், அந்த அறிவார்ந்த அரக்கன் ஒரு லூதுர் மீது கிடத்தப்பட்டதே தன் முதல் நினைவு என்றும் அரக்கன் விடையளிக்கிறான். அவ்வளவே. இரத்த வெள்ளம் அங்கே இல்லை. மூழ்கியவர்கள் இல்லை. மனைவி இல்லை. தப்பித்தல் என்ற பேச்சே இல்லை. வேறோரிடத்தில் அதே பாடல் இமிரின் சதையிலிருந்து பூமியும் இரத்தத்திலிருந்து கடலும் ஆனதாகச் சொல்கிறது. அங்கும் அந்த இரத்தத்தில் யாரும் மூழ்கவில்லை.

லூதுர் என்றால் என்ன? கலம் என்று நம் உரையாளர்கள் மொழிபெயர்க்கிறார்கள். அம்மொழியின் பழைய பாடல்களில் அச்சொல், மாவரைக்கும் திரிகையைத் தாங்கும் மரச்சட்டத்தைக் குறிக்கிறது. ஊதுகொம்புக்கும் அதே பெயர் உண்டு. படகு என்ற பொருளில் வேறெங்கும் அது நிலைபெற்றதாகத் தெரியவில்லை. அடுத்து வினைச்சொல்லைப் பாருங்கள். அவன் ஏறினான் என்றில்லை, கிடத்தப்பட்டான் என்றிருக்கிறது. மரத்தாலான ஒன்றின்மீது ஒருவன் பிறரால் கிடத்தப்படுகிறான் என்றால் நம் மனத்தில் எது தோன்றும்? பிறந்த குழந்தையாயின் தொட்டில், இறந்தவனாயின் சந்தூக்கு. ஆய்வாளர்களும் இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எதுவாக இருப்பினும், கிடத்தப்பட்டவன் தானே எழுந்து மனைவியை அழைத்துக்கொண்டு ஏறினான் என்பது செய்யுள் சொல்லாத செய்தி. பொருள் விளங்காத ஒரு வரிக்கு, தமக்குத் தெரிந்த ஒரு வெள்ளக்கதையின் துணையோடு ஸ்னோரி விளக்கம் கண்டார் என்றே நாம் கருதுகிறோம்.

இல்லை, வெள்ளத்தைப் பற்றிய பழைய மரபொன்று ஸ்னோரிக்குக் கிடைத்திருக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. இருக்கலாம், அடியோடு மறுக்க நம்மிடம் சான்றில்லை. ஆனால் அரக்கர்கள் வெள்ளத்தில் அழிந்தார்கள் என்ற எண்ணம் வட ஐரோப்பியக் கிறிஸ்தவர்களிடையே ஸ்னோரிக்கு வெகுமுன்பே உலவியது என்பதற்குச் சான்றிருக்கிறது. 1000-ஆம் ஆண்டை ஒட்டிய சுவடியில் கிடைத்துள்ள பேயோவுல்ஃப் என்னும் பழைய ஆங்கிலக் காப்பியத்தில், ஒரு வாளின் பிடியில் பெருவெள்ளம் அரக்கர் குலத்தை அழித்த காட்சி பொறிக்கப்பட்டிருப்பதாக வருகிறது. அந்த அரக்கர்களை இறைவனுக்குப் பகைவர்களாகவும், வெள்ளத்தை இறைவன் அளித்த தண்டனையாகவும் அக்காப்பியம் காட்டுகிறது. அது பைபிள் வழி வந்த செய்தி. அதே வழியில் ஐஸ்லாந்துக்கும் அது வந்து சேர்ந்திருக்க முடியும்.

சான்றின் வலிமையை விட்டுவிடுவோம். ஸ்னோரி சொன்னது அத்தனையும் பழைமையானதே என்று ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்வோம். அப்போதுதான் ஒப்பீட்டின் உண்மையான கோணல் தெரிகிறது. நூஹ் (அலை) அவர்கள் தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகள் தம் சமூகத்தாரிடையே தங்கியிருந்ததாகக் குர்ஆன் (29:14) கூறுகிறது. அந்த வெள்ளத்திற்கு முன்னே அழைப்பு இருந்தது, எச்சரிக்கை இருந்தது, மறுப்பு இருந்தது. இமிரின் இரத்தம் பெருகியபோதோ பூமியே இல்லை, மனிதனும் இல்லை. கடற்கரையில் கிடந்த இரண்டு மரக்கட்டைகளிலிருந்து முதல் மனிதர்கள் செய்யப்படுவது அதற்குப் பின்னர்தான். யாரும் எச்சரிக்கப்படவில்லை, எந்தப் பாவத்திற்கும் அது தண்டனையுமன்று. கொலையின் விளைவாகத் தற்செயலாகப் பெருகிய இரத்தம் அது. அதில் தப்பிய பெர்கெல்மிர் யார்? தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் தீராப் பகைவர்களான பனி அரக்கர்களின் மூதாதை. அக்கதையைச் சொன்னவர்களின் பார்வையில் அழிந்திருக்க வேண்டிய குலத்தின் எச்சம். அவனை அல்லாஹ்வின் தூதர் ஒருவருக்கு இணையாக மேடையில் நிறுத்துகிறோம். நபிமார்களின் பெயரை உச்சரிக்கும்போது இத்தனை கவனம் காட்டும் நாம், இதை எப்படிப் பொறுத்துக்கொண்டோம்?

மெசபொத்தேமியாவின் களிமண் ஏடுகளைப் பற்றி நாம் இப்படிச் சொல்லவில்லை. அங்கே கில்காமேஷ் கதையின் பதினொன்றாம் ஏட்டில் கப்பல் இருக்கிறது, அதன் அளவு இருக்கிறது, வெள்ளம் வடிந்ததா என்றறியப் பறக்கவிடப்பட்ட பறவைகள் இருக்கின்றன. ஸ்னோரிக்கு ஆயிரமாண்டுகளுக்கும் மேல் முந்தைய ஏடு அது. அதைக் குறித்து விவாதிக்கலாம், உடன்படலாம், மாறுபடலாம். பெர்கெல்மிர் விஷயத்தில் விவாதிக்க இருப்பது ஒரே ஒரு செய்யுளும் அதில் பொருள் விளங்காத ஒரு சொல்லும் மட்டுமே.

ஒருவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி நமக்கு இடப்பட்டுள்ள கட்டளை (49:6), அந்தச் செய்தி நமக்குச் சாதகமாக இருக்கும்போது தளர்ந்துவிடுவதில்லை. இக்காணொளிகளைத் தயாரித்த சகோதரர்களை நாம் கேட்பது ஒன்றுதான்: பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நீக்கிவிடுங்கள். நீக்க மனமில்லையெனில், அந்த வெள்ளம் யாருடைய இரத்தம் என்பதையும், லூதுர் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதையும் அதே காணொளியில் மக்களுக்குச் சொல்லுங்கள்.