சம்பளம் டாலரில், செலவு ரூபாயில்: ஆஃபர் வந்தால் எதைப் பேச வேண்டும்?

கோவையில் இருந்தபடியே அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு கான்ட்ராக்டராக வேலை பார்க்க, ஒரு டெவலப்பருக்கு மாதம் 2,500 டாலர் ஆஃபர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் செய்வது, போனை எடுத்து டாலர் விலையைப் பார்ப்பதுதான். 85 ரூபாய் என்று காட்டினால் கணக்கு 2,12,500 ரூபாய். இப்போதைய சம்பளம் 1,75,000. 'முப்பத்தேழாயிரம் கூட வருதே, போதும்' என்று சரி சொல்லிவிடுகிறார். பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்வதுதான் தவறு.

போன் காட்டும் விலை, டாலரை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது. அந்த விலைக்கு எந்த வங்கியும் நம் டாலரை வாங்காது. வங்கி 2 சதவீதம் குறைத்து எடுத்தால், ஒரு டாலருக்குக் கிடைப்பது 83.30 ரூபாய். பணம் வரும் வழியில் இடைப்பட்ட வங்கி 25 டாலர் பிடித்தால், மாறுவது 2,475 டாலர் மட்டுமே. ஆக, கணக்கில் ஏறுவது சுமார் 2,06,170 ரூபாய். மாதம் ஆறாயிரத்துச் சொச்சம், வருடத்துக்கு 76 ஆயிரம் ரூபாய் காணாமல் போகிறது. ஆஃபர் லெட்டரில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது!

அடுத்தது, பழைய வேலையில் சம்பளத்துக்கு மேலே கிடைத்தவை. அடிப்படைச் சம்பளம் 60 ஆயிரம் என்றால், நிறுவனம் தன் பங்காகக் கட்டிய பிஎஃப் மட்டும் 7,200 ரூபாய். கிராஜுவிட்டிக்குச் சுமார் 2,900, குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு 3,000 என்று சேர்த்தால் பழைய வேலையின் மதிப்பு 1,88,000 ரூபாயைத் தொடும். 37 ஆயிரமாகத் தெரிந்த உயர்வு, உண்மையில் 18 ஆயிரம்தான். கான்ட்ராக்டருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் தானாக வந்துவிடாது. கேட்டு எழுதி வாங்க வேண்டும். வருமான வரியையும் யாரும் பிடித்துக் கட்ட மாட்டார்கள், முன்கூட்டிய வரியை அவரேதான் கட்ட வேண்டும்.

அதனால் கணக்கைத் தலைகீழாகப் போடுவதுதான் சரி. கையில் மாதம் எவ்வளவு ரூபாய் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதை டாலராக மாற்ற வேண்டும். அதுவும் இன்றைய விலையில் அல்ல. 2025 பிப்ரவரியில் 87 ரூபாயைத் தாண்டியிருந்த டாலர், மே மாதத் தொடக்கத்தில் 84 ரூபாய் அளவுக்கு இறங்கியது. வீட்டு வாடகையும் இஎம்ஐயும் அதற்காகக் குறையவில்லை. 2,10,000 ரூபாய் வேண்டும் என்றால், 80 ரூபாய் விலையில் கணக்கிட்டு 2,625 டாலர் கேட்கலாம். பரிமாற்றக் கட்டணம் தனி. அதை நிறுவனமே ஏற்பதற்கு, வங்கிப் படிவத்தில் OUR என்ற தேர்வு உண்டு. சம்பளத்தைக் கூட்டத் தயங்கும் நிறுவனம்கூட இதற்குச் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். முதலில் இதைக் கேட்பது நல்லது.

சில நிறுவனங்கள் சம்பளத்தை டாலரில் சொல்லிவிட்டு, ரூபாயாக மாற்றித் தருகின்றன. இங்கேதான் கவனம் தேவை. எந்த நாளின் விலை, யார் வெளியிடும் விலை என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா? ஆஃபர் கொடுத்த நாளின் விலை என்று இருந்தால், நாளை டாலர் ஏறினாலும் லாபம் நிறுவனத்துக்கே. இன்வாய்ஸ் தேதியில் எஃப்பிஐஎல் வெளியிடும் ரெஃபரன்ஸ் ரேட் என்று எழுதி வாங்கினால் பிறகு சண்டை வராது. அந்த விலை 5 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ தொகையைத் திரும்பப் பேசலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வதும் நியாயமான கோரிக்கைதான். இரண்டு பக்கமும் பொருந்தும்படி கேட்டால் ஒத்துக்கொள்ளும் வாய்ப்பு கூடும்.

ஒரு வருடம் கழித்து வேறொரு பேச்சு வரும். 'ரூபாய் விழுந்திருச்சே, உங்களுக்கு ஏற்கெனவே ஹைக் கிடைச்ச மாதிரிதானே' என்பார்கள். டாலர் 85-லிருந்து 90 ஆனால் ரூபாயில் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடும், உண்மைதான். ஆனால் நிறுவனம் ஒரு சென்ட்கூடக் கூடுதலாகத் தரவில்லை. தவிர, அப்படி ஒரு வருடம் அடிக்கடி வருவதும் இல்லை. 2015 ஜனவரியில் 62 ரூபாய் அளவில் இருந்த டாலர், 2025 ஜனவரியில் சுமார் 86 ரூபாய். சராசரியாக வருடத்துக்கு 3 சதவீதத்துக்குச் சற்று மேல். ரிசர்வ் வங்கி விலைவாசி உயர்வுக்கு வைத்திருக்கும் இலக்கே 4 சதவீதம். டாலர் சம்பளம் அப்படியே நின்றால், கோவை மளிகைக் கடையில் அதன் மதிப்பு குறைந்துகொண்டுதான் போகும். ஆகவே ஆண்டு உயர்வு டாலர் தொகையின் மீது இத்தனை சதவீதம் என்பதை, கையெழுத்துப் போடும் முன்பே ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.