முகூர்த்தம் இருக்கிறது, முகவரிதான் சரியில்லை

உத்திரமேரூருக்குப் பக்கத்து கிராமம் ஒன்றின் காலனியில் என் சித்தி வீடு கட்டி முடித்தார். 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வந்த மூன்றரை லட்சம், அதற்கு மேல் தம்பி ஒரகடத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணம், அதற்கும் மேல் கடன். வைகாசியில் கிரகப்பிரவேசம் வைக்க வேண்டும், ஐயர் வந்து ஓமம் வளர்க்க வேண்டும் என்பது சித்தியின் ஆசை. நம்மில் பலருக்கு இந்த இடத்திலேயே முகம் சுளிக்கும். எனக்கும் சுளித்தது. "புரோகிதர் எதற்கு, நாமே பால் காய்ச்சிக் குடித்துவிட்டுப் போகலாமே" என்றேன். சித்தி சொன்னார்: "உனக்கு வேணாம்னா நீ விட்டுடு. எனக்கு வேணாம்னு அவன் யாரு சொல்றதுக்கு?"

"அவன்" யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. முந்தைய நாள் தம்பி ஒரு குருக்களுக்குப் போன் செய்திருக்கிறான்.

இந்த வேலை எப்படி நடக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதலில் நாள். ஆடி, மார்கழி போன்ற மாதங்கள் கழியும். மீதியில் பஞ்சாங்கம் பார்த்து, ராகு காலமும் எமகண்டமும் தவிர்த்து நேரம் குறிப்பார்கள். கிரகப்பிரவேசம் என்றால் பெரும்பாலும் விடியற்காலை நாலரையிலிருந்து ஆறுக்குள். பிறகு பணம். சாமான்களை அவரே வாங்கி வந்தால் மொத்தமாக ஒரு தொகை, நாம் வாங்கித் தந்தால் தட்சிணை மட்டும். பிறகு லிஸ்ட், இப்போது வாட்ஸ்அப்பில் வரும். மஞ்சள் தூள், குங்குமம், வெற்றிலை பாக்கு, தேங்காய், நவதானியம், நெய், சமித்து, வறட்டி, கலசச் செம்பு, நூல், மாவிலை, அருகம்புல், பூர்ணாகுதிக்குக் கொப்பரையும் பட்டுத்துணியும், பூசணிக்காய். ஓமகுண்டம் கட்டச் செங்கல்லும் மணலும் வீட்டுக்காரர் தயாராக வைத்திருக்க வேண்டும். கடைசியில் தானமாகப் பச்சரிசி, பருப்பு, வாழைக்காய். இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். எல்லாம் பச்சையாக இருக்கும். சமைத்த சோறு எந்த லிஸ்ட்டிலும் இருக்காது. யார் கையால் சமைத்ததை யார் உண்ணலாம் என்ற பழைய கணக்கு இன்னும் மளிகைச் சீட்டு வடிவில் உயிரோடு இருக்கிறது.

தம்பியின் பேச்சு லிஸ்ட் வரைக்கும் போகவே இல்லை. நாள் சொன்னான், "பண்ணிடலாம் தம்பி" என்றார். விடியற்காலை ஐந்து மணி என்றான், அதற்கும் சரி. எந்த ஊர் என்று கேட்டார். ஊர் பெயரைச் சொன்னான். "ஊருக்குள்ளேயா?" என்றார். "காலனி சாமி" என்றான். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அன்னிக்கு வெளியில வர முடியாதுப்பா. ஒண்ணு பண்ணுங்கோ, சாமானெல்லாம் கோயிலுக்கே எடுத்துண்டு வந்துடுங்கோ. அதே அஞ்சு மணிக்கு இங்கேயே பண்ணி கலச ஜலம் தரேன், வீட்ல தெளிச்சுக்கோங்கோ."

அவருடைய சாத்திரப்படியே பார்த்தால்கூட இதில் அர்த்தமில்லை. கிரகப்பிரவேசம் என்பது அந்தத் தரைக்குச் செய்வது. பசுவும் கன்றும் அந்த நிலைவாசல் வழியாக உள்ளே போக வேண்டும், அந்தக் கூடத்தின் நடுவில் ஓமப்புகை எழ வேண்டும், அந்த அடுப்பில் பால் பொங்க வேண்டும். வீடு இல்லாத இடத்தில் வீட்டுக்கு என்ன பிரவேசம்?

அந்தப் பதிலில் இன்னொன்றும் இருக்கிறது. நேரமில்லை என்பவர் அதே நாள், அதே ஐந்து மணியைக் கோயிலில் தருகிறார். நேரம் காலியாகத்தான் இருந்தது. தம்பி ஒரு காரியம் செய்தான். கூட வேலை பார்க்கும் நண்பன், அதே கிராமத்தின் ஊர்த்தெருக்காரன், மறுநாள் அதே குருக்களுக்குப் போன் போட்டு அதே நாளையும் நேரத்தையும் கேட்டான். ஊர்த்தெருவின் பெயரைச் சொன்னான். கால் மணி நேரத்தில் லிஸ்ட் வந்துவிட்டது.

பொதுவாக நமக்குக் கிடைக்காத சாட்சி இது. மறுப்பவர்கள் சாதியைச் சொல்லி மறுப்பதில்லை. வேறு முகூர்த்தம் இருக்கிறது, உடம்பு சரியில்லை, வண்டி இல்லை என்றுதான் சொல்வார்கள். ஒரே நாள், ஒரே நேரம், இரண்டு முகவரி என்று வைத்துப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கிறது.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆறாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வழக்கமான தொழிலில் மற்றவர்களுக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நிபந்தனையில் ஒரு சேவை தரப்படுகிறதோ, அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் தீண்டாமையின் பெயரால் அதை ஒருவருக்கு மறுப்பது குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, கூடவே அபராதம். மறுக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், தீண்டாமையின் பெயரால்தான் அது நடந்தது என்று நீதிமன்றம் முதலில் அனுமானிக்க வேண்டும் என்கிறது பன்னிரண்டாவது பிரிவு. அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது மறுத்தவரின் பொறுப்பு.

சிக்கல்களும் உண்டு. "அதே இடத்தில்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, கோயிலில் செய்து தருகிறேன் என்றுதானே சொன்னேன் என்று அவர் வாதிடலாம். புரோகிதம் தொழிலே அல்ல, தர்மம் என்றும் சொல்லலாம். ஆனால் ரேட் பேசி, நாள் பதிவு செய்து, சாமான் லிஸ்ட் அனுப்பி, ஊர்த்தெரு வீடுகளுக்கு வண்டியில் போய்வருவதைத் தொழில் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? ஒரு வழக்கறிஞர் இந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் எழுப்புவதைப் பார்க்க எனக்கு ஆசை. சித்தி புகார் கொடுக்க மறுத்துவிட்டார். புது வீட்டுக்குப் போகும்போது போலீஸ் ஸ்டேஷன் ஏறி இறங்க வேண்டாமாம். நான் வற்புறுத்தவில்லை.

அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்பதற்காக 1970இல் சட்டம் திருத்தினோம். பயிற்சி முடித்த 24 பேரின் கைக்குப் பணி ஆணை வர 2021 ஆகஸ்ட் வரை ஆனது. அந்தப் போராட்டம் கோயில் கருவறையைப் பற்றியது, தேவையானது. ஆனால் வீட்டுச் சடங்கு எந்தத் துறையின் கீழும் வரவில்லை. அங்கே நியமனமும் இல்லை, மேலதிகாரியும் இல்லை. இருப்பது ஒரு செல்போன் எண் மட்டும்தான். அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் இதையும் யோசித்திருந்தார். புரோகிதத்தை ஒழிக்க முடியாவிட்டால் அது பரம்பரையாக வருவதையாவது நிறுத்த வேண்டும். அரசு தேர்வு வைத்துச் சான்று தர வேண்டும், சான்றில்லாதவர் செய்யும் சடங்கு சட்டப்படி செல்லக் கூடாது என்றார். கருவறைக்கு மட்டும் என்று அவர் சொல்லவில்லை.

கடைசியில் சித்தி வீட்டுக்கு யார் வந்தார் என்றால், பக்கத்துக் கிராமத்து வள்ளுவர் தாத்தா. வள்ளுவர்கள் பறையர் வீடுகளுக்குத் தலைமுறைகளாக நாள் பார்த்துத் தந்தவர்கள், கல்யாணம் செய்துவைத்தவர்கள். அவர்களும் பட்டியல் சாதியினர்தான். பழைய பௌத்தத்தின் குருமார்கள் அவர்கள் என்று எழுதினார் அயோத்திதாசர். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நாள் குறித்ததெல்லாம் அவர்கள்தான். இடையில் நாம் கொஞ்சம் சம்பாதித்ததும் ஐயரைத் தேட ஆரம்பித்தோம். தாத்தாவின் சீட்டு சின்னது. தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், கற்பூரம், பால், புதுப் பானை. குறித்த நாள், குறித்த ஐந்து மணி. சடங்கு முடிந்ததும் பந்தியில் உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டுப் போனார்.

தம்பிக்கு மட்டும் ஒரு குறை. கம்பெனி நண்பர்கள் "ஐயர் வரலையா?" என்று கேட்டபோது அவன் தலை குனிந்ததை நான் பார்த்தேன். அதை எந்தச் சட்டப்பிரிவும் சரிசெய்யாது, நாங்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும். சித்திக்கு அந்தக் குறை இல்லை.

காலனியில் அடுத்த வீடு தையில் முடிகிறது. அவர்களும் தம்பியிடம் ஐயர் நம்பர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு நம்பரையும் கொடுத்திருக்கிறான். குருக்களிடம் பேசுவதாக இருந்தால் முதல் வாக்கியத்திலேயே காலனி என்று சொல்லச் சொன்னான். போனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டு.