மண்டபத்துப் பேச்சு: எதைச் சுத்தம் செய்யலாம், எதை விட்டுவிடலாம்?

என் தாத்தாவின் எண்பதாம் கல்யாணத்தில் அவர் பேசிய ஏழு நிமிடப் பேச்சை, மண்டபத்தின் நடுவரிசையில் உட்கார்ந்து மொபைலில் பதிவு செய்தேன். இன்று தாத்தா இல்லை; அவர் குரலில் எங்களிடம் மிஞ்சியிருப்பது அது மட்டுமே. கம்ப்யூட்டரில் கேட்டால் மின்விசிறி இரைச்சல், கூட்டத்தின் பேச்சு, எதிரொலி என எல்லாம் கலந்திருந்தது. ஆடாசிட்டி புரோகிராமில் Noise Reduction அளவை 24 வரை ஏற்றி, மூன்று முறை இயக்கினேன். தாத்தா தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிட்டது! நல்லவேளை, மூல பைல் மொபைலில் இருந்தது.

இந்த வசதியிடம் நாம் அதிகம் எதிர்பார்க்கிறோம் என்பது என் கருத்து. மின்விசிறி போல ஒரே சீராக வரும் சத்தத்தை மட்டுமே அது நன்றாகக் குறைக்கும். கூட்டத்தின் பேச்சு நொடிக்கு நொடி மாறும். அதுவும் மனிதக் குரல்தான். எதிரொலியோ பேசுபவரின் அதே குரல், தாமதமாக வருவது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து 17 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் பட்டு மேடைக்குத் திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் அடுத்த எழுத்து தொடங்கிவிடும். ஆகவே எதிரொலியை அழிக்கப் போனால் குரலும் சேர்ந்து தேயும்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் பைலைக் காப்பி எடுத்து, காப்பியில் மட்டும் வேலை செய்யுங்கள். யாரும் பேசாத இரண்டு நொடிகளைத் தேர்ந்தெடுத்து, Effect மெனுவில் Noise Reduction திறந்து, Get Noise Profile கிளிக் செய்யுங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, Noise reduction (dB) அளவில் 6 கொடுங்கள். Residue என்பதைத் தேர்வு செய்து Preview அழுத்தினால், நீக்கப்படும் ஒலி மட்டும் கேட்கும். அதில் வார்த்தைகள் புரிந்தால் அளவு அதிகம், குறையுங்கள். இரைச்சல் மட்டும் கேட்டால், மீண்டும் Reduce தேர்வு செய்து OK கொடுங்கள்.

வெட்டி ஒட்டும் எடிட்டிங்கிற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். முதலில் வெட்டினால், மாதிரிக்குத் தேவையான அந்த இரண்டு நொடிகளும் போய்விடலாம். இடையிடையே ஒலி அளவை மாற்றினாலோ, இரைச்சலின் அளவும் மாறி மாதிரி பொருந்தாமல் போகும்.

கூட்டத்தின் சத்தத்தை, தாத்தா பேசாத இடங்களில் மட்டும் Envelope Tool மூலம் பாதியாகத் தாழ்த்தினேன். முழு நிசப்தம் வைத்தால் ஒலி அறுந்தது போல் தெரியும். எதிரொலியை அப்படியே விட்டுவிட்டேன். அதற்குப் பதிவின்போதே மருந்து இருக்கிறது: அடுத்த விசேஷத்தில் மொபைலை மைக் ஸ்டாண்டின் அருகிலேயே வையுங்கள்.

இப்போது பேச்சில் மண்டபம் கேட்கிறது. ஆனால் பேசுவது எங்கள் தாத்தாதான்.